சாவகச்சேரி களஞ்சியத்தில் 140 சீமெந்து மூடை: உள்ளகக் கணக்காய்வும் வெளிவாரிக் கணக்காய்வும் எங்கே பிரிகின்றன, எங்கே ஒன்றையொன்று நம்பலாம்

ஒரு நிறுவனத்தில் பொருளோ பணமோ குறைந்துவிட்டது என்று செய்தி வந்தால், அடுத்த நாளே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வருசாவருசம் ஒடிற் செய்தார்களே, அவர்கள் என்ன பார்த்தார்கள்?" இந்தக் கேள்விக்குள் இரண்டு பேர் கலந்துபோய் இருக்கிறார்கள். ஒருவர் நிறுவனத்துக்குள்ளேயே சம்பளம் வாங்கும் உள்ளகக் கணக்காய்வாளர். மற்றவர் வெளியிலிருந்து வந்து கணக்கில் கையெழுத்துப் போடும் வெளிவாரிக் கணக்காய்வாளர். இருவரும் கணக்காய்வு என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால், ஒருவர் பார்த்தால் மற்றவரும் பார்த்தது போலத்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

பட்டயக் கணக்காளர் பரீட்சைக்குப் படிப்பவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். இரண்டு நிரல் போட்டு "நோக்கம், நியமனம், அறிக்கை" என்று மனப்பாடம் செய்துவிடுவார்கள். "அப்படியானால் வெளிவாரிக் கணக்காய்வாளர் உள்ளகக் கணக்காய்வாளரின் வேலையை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம்?" என்று கேள்வி வரும்போதுதான் பேனா நின்றுவிடும். என் பார்வையில், அந்தக் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி "அறிக்கை யாருக்குப் போகிறது" என்ற ஒரு வரிக்குள் இருக்கிறது. அதை ஒரு உதாரணத்தோடு கடைசிவரை கொண்டுபோய்ப் பார்ப்போம்.

## உதாரணம்

கட்டடப் பொருட்களை மொத்தமாக விற்கும் ஒரு கம்பனி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கற்பனைக் கம்பனிதான். யாழ் நகரிலும் கிளிநொச்சியிலும் பெரிய களஞ்சியங்கள். சுன்னாகம், சாவகச்சேரி, நெல்லியடி மூன்றிலும் சிறியவை. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. மொத்த இருப்பு 9 கோடி ரூபா. அதில் 6.5 கோடி பெரிய களஞ்சியங்கள் இரண்டிலும், மீதி 2.5 கோடி சிறிய மூன்றிலும் இருக்கிறது. வரிக்கு முந்திய இலாபம் 4 கோடி.

பெப்ரவரி 28 அன்று உள்ளகக் கணக்காய்வாளர் சாவகச்சேரிக்குப் போகிறார். கணினியில் சீமெந்து 1,280 மூடை என்று இருக்கிறது. களஞ்சியப் பொறுப்பாளர் அடுக்கைக் காட்டி, நீளத்துக்கு 12, அகலத்துக்கு 10, உயரத்துக்கு 10, ஆக 1,200, பக்கத்தில் உதிரியாக 80, எல்லாம் சரி என்கிறார். பெருக்கிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. ஆனால் அடுக்கின் மேலே தார்ப்பாய் விரித்திருக்கிறது. கணக்காய்வாளர் ஏணி கேட்டு ஏறி, தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிறார். நடுவில் 14 மூடை வைக்கும் இடத்துக்கு ஒரு பள்ளம், பத்து அடுக்கும் அடிவரை காலி. 14ஐ 10 ஆல் பெருக்கினால் 140 மூடை இல்லை. உண்மையான எண்ணிக்கை 1,140. ஒரு மூடை 2,000 ரூபா என்று எடுத்தால் குறைவு 2,80,000 ரூபா.

நடுவை வெறுமையாக விட்டு வெளிச்சுவரை முழுமையாக அடுக்குவது இருப்புக் கணக்கெடுப்பில் மிகப் பழைய ஏமாற்று. பெருக்கி எண்ணுகிறவர் யாராக இருந்தாலும், எவ்வளவு படித்தவராக இருந்தாலும், மேலே ஏறாவிட்டால் அது தெரியாது.

## பார்வை எல்லை: ஒரே 140 மூடை, இரண்டு கேள்வி

உள்ளகக் கணக்காய்வாளருக்கு இந்த 140 மூடை வேலையின் தொடக்கம். சாவி யாரிடம் இருக்கிறது? சரக்கு வந்ததைப் பதிகிற ஜி.ஆர்.என். எழுதுபவரும் சரக்கை வெளியே விடுபவரும் ஒரே ஆளா? லொறி வெளியே போகும்போது கேற் பாஸை யார் பார்க்கிறார்? விலைச்சிட்டை இல்லாமல் ஏற்றிய நாள் உண்டா? குறைவு எவ்வளவு என்பதைவிட, எந்த ஓட்டை வழியாகப் போனது, அந்த ஓட்டை மற்றக் களஞ்சியங்களிலும் உண்டா என்பதுதான் அவருடைய விசாரணை. அவர் பார்ப்பதற்கு எல்லை போட்டுக்கொடுப்பது நிறுவனம்தான். பணிப்பாளர் சபை விரும்பினால் அவர் லொறி எரிபொருள் செலவையும் பார்க்கலாம், ஆட்சேர்ப்பையும் பார்க்கலாம், கணினிக் கடவுச்சொல் நடைமுறையையும் பார்க்கலாம். நிதிக்கூற்றில் அது எங்கும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

வெளிவாரிக் கணக்காய்வாளரின் கேள்வி வேறு. மார்ச் 31 நிதிக்கூற்றில் இருப்பு 9 கோடி என்று போட்டிருக்கிறதே, அது பங்குதாரரையோ வங்கியையோ தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் அளவுக்குப் பிழையா? இந்த "அளவுக்கு" என்பதற்குத்தான் பொருண்மை என்று பெயர். இதற்குச் சட்டத்தில் நிலையான விகிதம் இல்லை, கணக்காய்வாளர் தன் தீர்ப்பில் போடுவது. வரிக்கு முந்திய இலாபத்தில் 5 வீதம் என்பது பலர் தொடங்கும் இடம். நம் உதாரணத்தில் அது 20 இலட்சம் ரூபா.

2,80,000 ரூபா அந்த 20 இலட்சத்துக்குக் கீழே. ஆகவே இந்தக் குறைவைக் கணக்கில் திருத்தாமல் விட்டாலும், வேறு பிழைகளும் சேர்ந்து பெரிதாகாதவரை, "நிதிக்கூற்று உண்மையும் நியாயமுமான தோற்றத்தைக் காட்டுகிறது" என்ற அபிப்பிராயத்தை அவர் கொடுக்கலாம். பொதுமக்கள் அதிர்ச்சியடைவது இங்கேதான். "களவு போயிருக்கிறது, அப்படியிருந்தும் சுத்தமான அறிக்கையா?" ஆம், அப்படி வரலாம், அதில் பொய் எதுவும் இல்லை. அபிப்பிராயம் சொல்வது இலக்கத்தைப் பற்றி. களஞ்சியத்தின் கதவு பூட்டியிருக்கிறதா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

ஆனால் அதைத் தூக்கிப் போட்டுவிடவும் அவரால் முடியாது. அடுக்கை வெறுமையாக்கி மேலே மூடிவைத்திருப்பது தற்செயலான எண்ணிக்கைப் பிழை போலத் தெரியவில்லை, மோசடி போலத் தெரிகிறது. மோசடி என்றால் தொகை சிறிதாக இருந்தாலும் அது எதைக் காட்டுகிறது என்று யோசிக்க வேண்டும். 1,280இல் 140 என்பது ஏறக்குறைய 11 வீதம். சிறிய களஞ்சியங்கள் மூன்றிலும் சேர்த்துச் சீமெந்து 1.2 கோடிக்கு இருக்கிறது என்றால், அதே வீதம் எல்லா இடத்திலும் நடந்திருந்தால் 13 இலட்சம் வருகிறது. அது நடந்திருக்கிறது என்று சொல்ல இது ஆதாரமாகாது. ஆனால் 20 இலட்சத்துக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு தொகை வந்து நிற்கும்போது, சுன்னாகத்துக்கும் நெல்லியடிக்கும் போகாமல் இருக்க அவருக்குக் காரணம் எதுவும் இல்லை.

## அறிக்கை யாருக்குப் போகிறது

வெளிவாரிக் கணக்காய்வாளரின் பாதை எளிது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி அவரைப் பங்குதாரர் கூட்டத்தில் நியமிக்கிறார்கள், அவருடைய அறிக்கையும் பங்குதாரருக்கே முகவரியிடப்படுகிறது. கட்டுப்பாடுகளில் பெரிய குறை எதையாவது கண்டால், அதை எழுத்தில் பணிப்பாளர் சபைக்கும் முகாமைத்துவத்துக்கும் கொடுப்பார். முகாமைத்துவக் கடிதம் என்று சொல்வது அதைத்தான். அந்தக் கடிதம் வெளியே வராது, பங்குதாரர் கையில் கிடைக்காது.

உள்ளகக் கணக்காய்வாளரின் பாதையில்தான் சிக்கல். அவர் நிறுவனத்தின் ஊழியர். யாரோ ஒருவர் அவருடைய லீவுக்குக் கையெழுத்துப் போட வேண்டும், சம்பளம் போட வேண்டும். அதனால் இரண்டு கோடு வரைவார்கள்:

1. தொழிற்பாட்டுக் கோடு. வருடத் திட்டத்தை அங்கீகரிப்பது, செலவுக்குப் பணம் ஒதுக்குவது, அவரை நியமிப்பதும் நீக்குவதும், சம்பள உயர்வைத் தீர்மானிப்பது, அறிக்கையை வாங்கிப் படிப்பது. இது பணிப்பாளர் சபைக்கு, கணக்காய்வுக் குழு இருந்தால் அதற்கு, போக வேண்டும்.

2. நிர்வாகக் கோடு. லீவு, மேசை, வாகனம், அன்றாட ஒழுங்கு. இது பிரதம நிறைவேற்று அதிகாரிக்குப் போகலாம், தவறில்லை.

கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனிகளுக்குக் கணக்காய்வுக் குழு கட்டாயம். எங்கள் பக்கத்துக் குடும்பக் கம்பனிகளில் அப்படியொரு குழு அநேகமாக இருக்காது. தலைவர், அவருடைய தம்பி, மைத்துனர் என்று மூன்று பணிப்பாளர்கள் இருப்பார்கள். உள்ளகக் கணக்காய்வாளருக்கு நிதி முகாமையாளரின் அறையில்தான் மேசை போட்டிருக்கும். நிறுவன வரைபடத்திலும் அவருக்குக் கீழேதான் பெட்டி இருக்கும்.

இப்போது சாவகச்சேரிக்குத் திரும்புவோம். அறிக்கையின் வரைவு முதலில் நிதி முகாமையாளரிடம் போகிறது. அவர் கெட்டவர் என்று வைத்துக்கொள்ளத் தேவையில்லை. வருட முடிவு நெருங்குகிறது, வங்கி மேலதிகப் பற்றைப் புதுப்பிக்க வேண்டும், களஞ்சியப் பொறுப்பாளர் "ஒரு விநியோகப் பத்திரம் இன்னும் பதியவில்லை" என்று சொல்லியிருக்கிறார். "அதைத் தேடிப் பார்த்துவிட்டுப் போடுவோம், இப்போதைக்கு இப்படி எழுதும்" என்று ஒரு வரியை மாற்றச் சொல்கிறார். பணிப்பாளர் சபைக்குப் போகும் அறிக்கையில் "சாவகச்சேரியில் சிறு வித்தியாசங்கள் காணப்பட்டன, சரிசெய்யப்பட்டு வருகின்றன" என்று நிற்கிறது. 140 என்ற இலக்கம் இல்லை. தார்ப்பாயும் இல்லை.

கணக்கெடுப்பைச் செய்தவர் நேர்மையாகத்தான் செய்தார், ஏணியும் ஏறினார். ஆனாலும் அந்த வேலையின் மதிப்பு வழியில் கரைந்துவிட்டது. இருப்பைப் பதிவேட்டில் வைத்திருக்கும் பிரிவின் தலைவரே, அந்தப் பதிவேடு பிழை என்று சொல்லும் அறிக்கையை முதலில் திருத்துபவராகவும் இருக்கிறார் என்பதே இங்கே பிரச்சினை.

## வெளியிலிருந்து வருபவர் எப்போது நம்பலாம்

இதற்கு இலங்கைக் கணக்காய்வு நியமம் 610 இருக்கிறது. உள்ளகக் கணக்காய்வாளரின் வேலையைப் பயன்படுத்துவது பற்றியது, சர்வதேச நியமம் 610ஐ ஒட்டியது. பயன்படுத்து என்று அது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பயன்படுத்த விரும்பினால் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும் என்கிறது:

1. அவருடைய நிறுவன நிலையும் நடைமுறைகளும் பக்கம்சாராமல் வேலை செய்ய விடுகின்றனவா?
2. அந்த வேலைக்குத் தேவையான தகுதியும் அனுபவமும் இருக்கின்றனவா?
3. ஒழுங்கான முறை இருக்கிறதா, அதாவது திட்டம், வேலைத்தாள், மேற்பார்வை, மீளாய்வு?

படிப்பவர்கள் தவறவிடும் இடம் இது. இந்த மூன்றையும் கூட்டி சராசரி எடுக்க முடியாது. தகுதி எவ்வளவு உயர்வாக இருந்தாலும் முதலாவது போதாது என்றால், அல்லது மூன்றாவது இல்லை என்றால், அந்த வேலையைப் பயன்படுத்தக் கூடாது. பட்டயக் கணக்காளரை உள்ளகக் கணக்காய்வாளராகப் போட்டுவிட்டு அவரை நிதி முகாமையாளருக்குக் கீழே வைத்தால், பட்டம் அந்தக் குறையை நிரப்பாது. மூன்றாவதுக்கும் அதே கதி: வேலைத்தாள் எதுவும் எழுதாமல், மனதில் வைத்துக்கொண்டு, "நான் பார்த்தேன் ஐயா, எல்லாம் சரி" என்பவரின் வேலையை நம்ப வழியில்லை.

முதல் கேள்விக்குப் பதிலை நிறுவன வரைபடத்தில் மட்டும் தேடினால் ஏமாறலாம். வரைபடத்தில் கோடு தலைவருக்கு நேராகப் போயிருக்கும், நடைமுறையில் வேறாக இருக்கும். அனுபவமுள்ளவர்கள் செய்வது, அறிக்கையையும் அதற்கு அடியில் இருக்கும் எண்ணிக்கைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. தாளில் 140 குறைவு, அறிக்கையில் "சிறு வித்தியாசங்கள்" என்றால், இடையில் யாரோ இருக்கிறார். அறிக்கையின் வரைவுப் பதிப்புகளைக் கேட்டு வாங்கலாம். சபைக்கு அறிக்கை போன திகதியையும் கணக்கெடுப்புத் திகதியையும் ஒப்பிடலாம், இடையில் ஆறு வாரம் என்றால் அது எங்கே தங்கியது? எண்ணிக்கைத் தாள்கள் களஞ்சியத் தூசியும் அடித்தல் திருத்தலும் இல்லாமல், ஒரே பேனாவில், ஐந்து களஞ்சியத்திலும் வித்தியாசம் பூச்சியம் என்று இருந்தால், அவை அலுவலகத்தில் உட்கார்ந்து மீண்டும் எழுதியவை என்று சந்தேகிக்கலாம். உண்மையான கணக்கெடுப்பில் ஏதாவது ஒன்று எப்போதும் இடறும்.

அப்போ பாதை சரியில்லாத நம் கம்பனியில் என்ன நடக்கும்? வெளிவாரிக் கணக்காய்வாளர் அந்தக் கணக்கெடுப்பை உள்ளகக் கணக்காய்வின் வேலை என்று பயன்படுத்த மாட்டார். ஆனால் தெரிந்ததைத் தெரியாதது போல வைத்திருக்கவும் மாட்டார். கம்பனி தானே தந்த ஒரு தகவல், அதுவும் கெட்ட தகவல், என்று எடுத்துக்கொண்டு தன் சோதனைகளை அதிகரிப்பார். சிறிய களஞ்சியங்கள் மூன்றுக்கும் தானே ஆள் அனுப்புவார், கட்டணமும் கூடும்.

## பாதை சரியாக இருந்திருந்தால்

அதே கம்பனி, அதே கணக்காய்வாளர், அதே ஏணி. ஒன்றை மட்டும் மாற்றுவோம். அறிக்கை ஒரே நாளில் தலைவருக்கும், முகாமைத்துவத்தில் இல்லாத ஒரு பணிப்பாளருக்கும் போகிறது. நிதி முகாமையாளருக்குப் பிரதி கிடைக்கிறது, அவர் பதிலை எழுதலாம், அறிக்கையின் வரியை மாற்ற முடியாது. திட்டமும் சம்பளமும் சபையின் கையில். வேலைத்தாள்கள் ஒழுங்காக இருக்கின்றன. இப்போது வெளிவாரிக் கணக்காய்வாளர் வேலையைப் பிரிக்கலாம்:

முதலில் எதைத் தானே செய்ய வேண்டும் என்று ஒதுக்குகிறார். இருப்பு நிதிக்கூற்றில் பெரிய தொகை என்றால் கணக்கெடுப்புக்கு அவர் நேரில் போக வேண்டும் என்று நியமம் 501 சொல்கிறது. ஆகவே யாழ் நகருக்கும் கிளிநொச்சிக்கும் மார்ச் 31 அன்று அவரே ஆட்களோடு போகிறார். 6.5 கோடி அங்கே முடிகிறது. சிறிய மூன்றுக்கும் உள்ளகக் கணக்காய்வாளரின் பெப்ரவரிக் கணக்கெடுப்பைப் பயன்படுத்த முடிவு செய்கிறார்.

அப்படியே வாங்கிக் கோப்பில் போட முடியாது. பயன்படுத்தும் வேலையில் ஒரு பகுதியையாவது தானே மீண்டும் செய்து பார்க்க வேண்டும். அவர் சாவகச்சேரியைத் தேர்ந்தெடுக்கிறார். பெப்ரவரி 28இல் எண்ணியது 1,140. மார்ச்சில் ஜி.ஆர்.என்.படி வந்தவை 600, விநியோகப் பத்திரப்படி போனவை 520. 1,140 கூட்டல் 600 கழித்தல் 520, ஆக 1,220 இருக்க வேண்டும். மார்ச் 31 அன்று அவருடைய ஆள் தார்ப்பாயை எடுத்துவிட்டு எண்ணுகிறார். 1,220 வருகிறது. கணினியில் இன்னும் திருத்தாமல் 1,360 நிற்கிறது, வித்தியாசம் அதே 140. இப்போது உள்ளகக் கணக்காய்வாளரின் எண்ணிக்கையை நம்ப அவருக்குச் சொந்தமான ஆதாரம் இருக்கிறது. சுன்னாகத்துக்கும் நெல்லியடிக்கும் அந்த வேலையைப் பயன்படுத்தி, இடைப்பட்ட ஒரு மாதத்தின் வரவு செலவை மட்டும் சோதிக்கலாம்.

1,360 எண்ணப்பட்டிருந்தால்? சந்தோசப்பட்டுவிடக் கூடாது. ஒன்று பெப்ரவரி எண்ணிக்கை பிழை, அல்லது 140 மூடை திரும்ப வந்திருக்கிறது. திரும்ப வந்திருந்தால் எங்கிருந்து வந்தது? பக்கத்துக் களஞ்சியத்திலிருந்து ஒரு நாளுக்கு இரவலாகக் கொண்டுவந்து அடுக்கியதாகவும் இருக்கலாம். முடிந்தால் எல்லாக் களஞ்சியங்களையும் ஒரே நாளில் எண்ணச் சொல்வதன் காரணம் அதுதான்.

மூன்றாவதாக ஒரு இடம் இருக்கிறது, அங்கே உள்ளகக் கணக்காய்வாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கைமாற்ற முடியாது. சீமெந்து ஈரக்காற்றில் கட்டிபிடிக்கும். அடுக்கின் அடியில் மாதக்கணக்காகக் கிடக்கும் மூடைகளை எண்ணலாம், ஆனால் விற்க முடியுமா, என்ன விலைக்கு? இருப்பைக் கிரயத்துக்கும் தேறிய விற்பனைப் பெறுமதிக்கும் இடையில் குறைந்ததில் காட்ட வேண்டும் என்பதால் இது நேரே இலாபத்தைத் தொடுகிறது. எண்ணுவதில் தீர்ப்பு குறைவு, விலைமதிப்பதில் தீர்ப்பு அதிகம். தீர்ப்பும் ஆபத்தும் கூடக்கூட, உள்ளகக் கணக்காய்வாளரின் வேலையில் சாய்வது குறைய வேண்டும். அறவிடமுடியாத கடனுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற கேள்விக்கும் இதே விதிதான்.

"உள்ளகக் கணக்காய்வாளரை எங்கள் குழுவோடு சேர்த்து எண்ண விடலாமா?" என்றும் கேட்பார்கள். அது வேறு விடயம், நேரடி உதவி என்பார்கள். அவர் ஏற்கெனவே செய்த வேலையை எடுப்பது ஒன்று, வெளிவாரிக் கணக்காய்வாளரின் கட்டளைக்கும் மேற்பார்வைக்கும் கீழே புதிதாக வேலை செய்வது இன்னொன்று. நேரடி உதவிக்கு, தலையிட மாட்டோம் என்று நிறுவனமும், இரகசியம் காப்பேன் என்று அந்த ஊழியரும் எழுத்தில் தர வேண்டும். தானே செய்து அறிக்கை எழுதிய வேலையை அவரையே கொண்டு சோதிக்கவும் கூடாது. ஐக்கிய இராச்சியத்தில் நேரடி உதவியை முற்றாகவே தடைசெய்திருக்கிறார்கள்.

எப்படிப் பயன்படுத்தினாலும் கையெழுத்தின் பொறுப்பு பங்கிடப்படுவதில்லை. நாளை நெல்லியடியில் பெரிய ஓட்டை வெளிவந்தால், "அது உள்ளகக் கணக்காய்வாளர் எண்ணியது" என்று வெளிவாரிக் கணக்காய்வாளர் சொல்லித் தப்ப முடியாது.

## அரச அலுவலகங்களில் இந்தப் படம் கொஞ்சம் மாறும்

பிரதேச சபை, மாநகர சபை, மாகாண அமைச்சு என்று வந்தால் வெளிவாரிக் கணக்காய்வாளர் கணக்காய்வாளர் நாயகம். அரசியலமைப்பின்படி அவர் பாராளுமன்றத்துக்கு அறிக்கையிடுகிறார், விரிவான விதிகள் 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தில் இருக்கின்றன. "வெளிவாரி என்றால் நிதிக்கூற்று மட்டும்" என்ற பாடப்புத்தக வரி இங்கே பொருந்தாது. பணம் சிக்கனமாகவும் பயனுள்ளதாகவும் செலவானதா, சட்டப்படி செலவானதா என்பதையும் அவர் பார்ப்பார். அரச திணைக்களங்களின் உள்ளகக் கணக்காய்வு அறிக்கைகளின் பிரதி கணக்காய்வாளர் நாயகத்துக்கும் போக வேண்டும் என்பது நிதிப் பிரமாணங்களிலேயே இருக்கிறது. மேலதிகாரி ஒருவர் வரியை மாற்றிச் சபைக்கு அனுப்பும் சாவகச்சேரிப் பிரச்சினைக்கு இது ஓரளவு தடுப்பு. தனியார் கம்பனியில் அப்படித் தானாகப் பிரதி போகும் வழி இல்லை, வெளிவாரிக் கணக்காய்வாளர் கேட்டு வாங்க வேண்டும்.

## மறுபக்கம்: உள்ளே இருப்பவர் வெளியாளை நம்பலாமா

இந்தப் பக்கத்தை யாரும் அதிகம் கேட்பதில்லை, ஆனால் பிழை அதிகம் நடப்பது இங்கேதான். அடுத்த வருடத் திட்டத்தோடு உள்ளகக் கணக்காய்வாளர் சபைக்குப் போகிறார். அதில் கிளிநொச்சிக் களஞ்சியம் இருக்கிறது. ஒரு பணிப்பாளர் சொல்கிறார்: "கிளிநொச்சியை மார்ச்சில் வெளியாட்கள் வந்து பார்த்துச் சுத்தமான அறிக்கை தந்தார்கள். அதை வெட்டிவிட்டு அந்த நாட்களை வேறு எதற்கும் பாவியுங்கோ."

கேட்க நியாயமாக இருக்கிறது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலகளாவிய உள்ளகக் கணக்காய்வு நியமங்களும் மற்றவர்களின் வேலையோடு ஒருங்கிணைந்து, முடிந்தால் அதில் சாய்ந்து, இரட்டை வேலையைத் தவிர்க்கச் சொல்கின்றன. ஆனால் சாய்வதற்கு முன், அவர் எதைப் பார்த்தார் என்று தெரிந்திருக்க வேண்டும், முடிவின் பொறுப்பும் உள்ளகக் கணக்காய்வின் தலைவரிடமே இருக்கும்.

கேட்டுப் பார்த்தால் தெரிய வருவது இதுதான். வெளிவாரிக் கணக்காய்வாளர் கிளிநொச்சியில் மார்ச் 31 அன்று இருந்த மூடைகளை எண்ணினார், இலக்கம் சரியாக வந்தது. கேற் பாஸ் முறை வருடம் முழுவதும் வேலை செய்ததா என்று அவர் சோதிக்கவில்லை. இந்த அளவுக் கம்பனியில் கட்டுப்பாடுகளில் சாயாமல், முடிவு இலக்கங்களை நேரே சோதிப்பதே அவருக்கு இலேசான வழி, நியமமும் அதற்கு இடம் கொடுக்கிறது. அவருடைய கேள்விக்கு அது போதும். உள்ளகக் கணக்காய்வாளரின் கேள்விக்கு அதில் பதிலே இல்லை. முகாமைத்துவக் கடிதத்தில் கிளிநொச்சி பற்றி ஒன்றும் எழுதாததை "குறை இல்லை" என்று வாசிக்கவும் முடியாது, அவர் அங்கே குறை தேடவே போகவில்லை.

அதனால் மார்ச் 31 எண்ணிக்கையை அவர் எடுத்துக்கொள்ளலாம், தொடக்க இருப்பாக வைத்துக்கொள்ளலாம், அந்த எண்ணும் வேலையைத் திரும்பச் செய்யத் தேவையில்லை. கேற்றும் சாவியும் ஜி.ஆர்.என். புத்தகமும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். ஜூன் மாதத்தில் முன்னறிவிப்பில்லாத ஒரு காலை, லொறிகள் ஏற்றத் தொடங்கும் முன், ஏணியோடு.